தகர டப்பாவில் மீந்த மாத்திரைகள்

டெல்லியில் குளிர் இறங்குவதற்கு முன், ரஜாய்களை எடுத்து வெயிலில் போடும் அந்த ஞாயிற்றுக்கிழமையிலேயே, வீட்டு மருந்து டப்பாவையும் மேசையில் கொட்டிப் பாருங்கள். பழைய பிஸ்கட் டப்பாவோ, அலமாரி மூலையில் கிடக்கும் பிளாஸ்டிக் கூடையோ, எதுவாக இருந்தாலும் அதற்குள் ஆன்டிபயாட்டிக் நாலைந்தாவது இருக்கும். நவம்பரில் தொண்டை கரகரக்கத் தொடங்கியதும் கை முதலில் போவது அங்கேதான். அந்தக் கை என்ன செய்கிறது என்பதைத்தான் இந்த அத்தியாயம் பார்க்கிறது.

புரிவதற்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பு. கணவருக்கு வயது 41. மனைவி, எட்டு வயது மகள், குளிர்காலத்துக்குத் திருச்சியிலிருந்து வந்திருக்கும் கணவரின் அம்மா. அவர்கள் டப்பாவைக் கொட்டினால் இவை விழுகின்றன: அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் இரண்டு, அமாக்சிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த 625 மாத்திரை நான்கு, மகளுக்கு வாங்கிய ஆன்டிபயாட்டிக் சிரப் அரை பாட்டில், கத்தரித்த அட்டைத் துண்டு ஒன்றில் பெயர் தெரியாத இரண்டு மாத்திரைகள்.

இவை ஒவ்வொன்றும் ஏன் மீந்தது என்று கேட்டுப் பாருங்கள். கணவருக்குப் பிப்ரவரியில் காய்ச்சல் வந்தபோது மருத்துவர் அசித்ரோமைசின் ஐந்து நாளைக்கு எழுதினார். மூன்றாம் நாளே உடம்பு சரியாகிவிட்டது, இரண்டு நின்றுவிட்டன. பல் பிடுங்கியபோது 625 மாத்திரை வேளைக்கு ஒன்றாக ஐந்து நாளைக்குப் பத்து. வயிறு கலங்கியதால் ஆறோடு நிறுத்திவிட்டார். சிரப் மகளின் காதுவலிக்கு வாங்கியது. அட்டைத் துண்டு யாருக்கு, எப்போது வாங்கியது என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. கெமிஸ்ட் நாலு மாத்திரை கேட்டால் நாலை வெட்டிக் கொடுப்பார். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் வெட்டுப்பட்ட மறுபாதியோடு கடையிலேயே தங்கிவிடும்.

ஆக, மீந்த மாத்திரை எதுவும் ஒரு முழுச் சிகிச்சை அல்ல. வேறொரு நோய்க்கு, சிலசமயம் வேறொருவருக்கு எழுதியதன் மிச்சம். இந்த டப்பாவில் இருக்கும் எந்த மருந்தும் எந்த நோய்க்கும் போதுமான அளவில் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு நவம்பருக்கு வருவோம்.

ஏழு நாள் கதை

தீபாவளி முடிந்த நான்காம் நாள். வெளியே காற்று சாம்பல் நிறம். கணவருக்குத் தொண்டையில் முள் குத்துவது போல எரிச்சல், மூக்கு ஒழுகல், தலைபாரம். முதல் நாள் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கிறார். இரண்டாம் நாள் விழுங்கும்போது வலிக்கிறது. மூன்றாம் நாள் இன்னும் மோசம், 100 டிகிரி காய்ச்சல் வேறு. இரவு மனைவி சொல்கிறார்: "அந்த ரெண்டு மாத்திரை சும்மாதானே கிடக்கு, போட்டுக்கோங்க. நாளைக்கு ஆபீஸ் போகணும்ல." ஒன்றை அன்றிரவும் ஒன்றை மறுநாளும் விழுங்குகிறார். ஐந்தாம் நாள் தொண்டை தேவலை. ஏழாம் நாள் கொஞ்சம் இருமல் மட்டும். மாத்திரை நன்றாக வேலை செய்தது என்று வீடு முழுக்க முடிவு கட்டிவிடுகிறது.

அந்த முடிவு எங்கே தவறுகிறது என்று பார்க்க, சளி தானாக எப்படிப் போகும் என்று தெரிந்திருக்க வேண்டும். சாதாரண ஜலதோஷத்தில் தொண்டைவலி முதலில் வரும். இரண்டாம் மூன்றாம் நாளில் தொந்தரவு உச்சத்தில் இருக்கும். அதன்பின் தானே இறங்கும். ஏழிலிருந்து பத்து நாட்களுக்குள் பெரும்பாலும் விட்டுவிடும். இருமல் மட்டும் இன்னும் சில நாள் இழுக்கும். உச்சத்தில்தான் மனிதருக்குப் பொறுமை போகிறது, உச்சத்தில்தான் மாத்திரை எடுக்கிறோம். அதன்பின் எது நடந்தாலும் இறக்கம்தான். வெறும் சர்க்கரை உருண்டையை அன்று விழுங்கியிருந்தாலும் ஐந்தாம் நாள் தேவலையாகத்தான் இருந்திருக்கும். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவதைப் பார்த்துப் பயந்து மாத்திரை எடுப்பவர்களும் உண்டு. அந்த நிறம் நம் வெள்ளையணுக்கள் வேலை செய்வதால் வருவது. நிறத்தை வைத்து வைரஸா பாக்டீரியாவா என்று சொல்ல முடியாது.

டெல்லியில் இன்னொரு சிக்கலும் உண்டு. தீபாவளிக்குப் பிந்தைய வாரங்களில் வரும் தொண்டை எரிச்சல் எல்லாமே தொற்று அல்ல. வெறும் புகையும் தூசியும் தொண்டையின் உள்தோலை அரித்து, கரகரப்பும் வறட்டு இருமலும் தரும். காய்ச்சல் இல்லாமல், வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில், வெளியே போய்வந்தால் கூடுவதும் உள்ளே இருந்தால் குறைவதுமாக இருந்தால் முதலில் காற்றைத்தான் சந்தேகப்பட வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் அன்றைய காற்றுத்தரக் குறியீட்டைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். அங்கே மருந்து என்பது என்95 முகக்கவசமும், மூடிய ஜன்னலும், காலை நடையை நிறுத்திவைப்பதும்தான். புகையைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் கிடையாது.

அந்த இரண்டு மாத்திரை உள்ளே செய்வது

அசித்ரோமைசின் பாக்டீரியாவுக்குள் இருக்கும் ரைபோசோம் என்ற புரதத் தொழிற்சாலையைப் பிடித்து நிறுத்துகிறது. புரதம் செய்ய முடியாத பாக்டீரியா பெருக முடியாது. அமாக்சிசிலின் பாக்டீரியாவின் சுவரைக் கட்டவிடாமல் செய்கிறது. ஜலதோஷ வைரஸுக்குச் சொந்தமாக ரைபோசோமும் இல்லை, அப்படிப்பட்ட சுவரும் இல்லை. அது நம் செல்லுக்குள் புகுந்து நம் தொழிற்சாலையையே பயன்படுத்திக்கொள்கிறது. ஆகவே மருந்துக்கு அங்கே பிடிக்க எதுவும் கிடைப்பதில்லை.

ஆனால் விழுங்கிய மருந்து சும்மா வெளியேறிவிடுவதும் இல்லை. நம் தொண்டையிலும் வாயிலும் குடலிலும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் எந்தத் தொல்லையும் தராமல் வாழ்கின்றன. மாத்திரை போய்த் தாக்குவது இவற்றைத்தான். இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நோயற்ற 224 தன்னார்வலர்களில் ஒரு பகுதியினருக்கு அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் தினம் ஒன்றாக மூன்று நாள் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு அதே வகையைச் சேர்ந்த கிளாரித்ரோமைசின். மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. பிறகு எல்லோருடைய தொண்டையிலிருந்தும் மாதிரி எடுத்து, அங்கே இயல்பாக வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாக்களில் எத்தனை பங்கு இந்த மருந்துக்கு அடங்காதவை என்று எண்ணினார்கள். அசித்ரோமைசின் எடுத்தவர்களிடம் நான்காம் நாளிலேயே அந்தப் பங்கு 50 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் ஏறியிருந்தது. 180 நாள் கழித்துப் பார்த்தபோதும் போலி மாத்திரை எடுத்தவர்களைவிட அதிகமாகவே இருந்தது. 2007-ல் லான்செட் இதழில் வந்த இந்த ஆய்வைப் பற்றி நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். நோயே இல்லாத மனிதர்கள், மூன்றே மாத்திரைகள், ஆறு மாதம் நீடிக்கும் மாற்றம்!

ஏன் இவ்வளவு நாள்? அசித்ரோமைசின் உடம்பை விட்டு மெல்ல வெளியேறும் மருந்து. திசுக்களுக்குள் புகுந்து தங்கி, சிறிது சிறிதாகக் கசியும். மூன்று நாள் விழுங்கினாலே போதும் என்பதற்கும் அதுதான் காரணம். ஆனால் கடைசி மாத்திரைக்குப் பின், பாக்டீரியாவைக் கொல்லப் போதாத மெல்லிய அளவில் வாரக்கணக்கில் மருந்து உடம்பில் உலவுகிறது. அந்த நாட்களில் மருந்துக்கு அடங்குபவை ஒடுங்கியிருக்க, அடங்காதவை இடம் பிடிக்கின்றன.

தொண்டையில் வாழும் இந்தச் சாதுவான பாக்டீரியாக்கள் எதிர்ப்பு பெற்றால் நமக்கென்ன என்று கேட்கலாம். பாக்டீரியாக்கள் தங்களுக்குள் மரபணுவைக் கொடுத்து வாங்கும். அந்தக் குழுவுக்குப் பக்கத்திலேயே, அதே தொண்டையில், நிமோனியாவுக்குக் காரணமான நிமோகாக்கஸ் வந்து தங்கும்போது அந்த எதிர்ப்பு மரபணு அதற்கும் போய்ச் சேரலாம். அடுத்த வருடம் அவருக்கு உண்மையிலேயே நிமோனியா வந்தால், முதலில் கொடுக்கும் மருந்து வேலை செய்யாமல் போகும் வாய்ப்பு அப்படித்தான் உண்டாகிறது. வீட்டில் ஒரே கிண்ணத்தில் சாப்பிடும் மகளுக்கும், பக்கத்தில் படுத்திருக்கும் பாட்டிக்கும் அது தொற்றிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையைத் திருத்த வேண்டும். "பாதியில் நிறுத்தினால்தான் எதிர்ப்பு வரும், முழுசாகச் சாப்பிட்டால் வராது" என்று பலரும் நினைக்கிறார்கள். அதனால் ஜலதோஷத்துக்கு எடுத்தாலும் ஐந்து நாள் முழுசாக எடுத்துவிட்டால் தப்பில்லை என்று கடையில் மிச்சத்தையும் வாங்கிச் சாப்பிடுபவர்கள் உண்டு. தேவையில்லாத ஆன்டிபயாட்டிக்கை எத்தனை நாள் எடுக்கிறோமோ அத்தனைக்கு அடங்காத பாக்டீரியாக்களுக்கு இடம் கிடைக்கிறது. ஜலதோஷத்துக்கு இரண்டு மாத்திரையும் தவறு, ஐந்து மாத்திரை அதைவிடத் தவறு. மருத்துவர் எழுதிய மருந்தில் பாதியில் நன்றாகிவிட்டால், தொடரவா நிறுத்தவா என்று அவரிடமே கேளுங்கள். சில நோய்களுக்கு இப்போது குறைந்த நாட்களே போதும் என்கிறார்கள். சிலவற்றுக்கு ஒரு நாள்கூடக் குறைக்கக் கூடாது. அது நோயைப் பொறுத்தது.

உடனடித் தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 625 மாத்திரை வயிற்றுப்போக்கு தரும். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு, அமாக்சிசிலின் இன்னொருவர் டப்பாவிலிருந்து வந்தால், உயிருக்கே ஆபத்து. அசித்ரோமைசின் இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைக்கக்கூடும். ஏற்கெனவே இதய மாத்திரை சாப்பிடும் பாட்டிக்கு "உனக்கும் தொண்டை கட்டியிருக்கே" என்று ஒன்றைக் கொடுத்துவிடக் கூடாது. மகளின் சிரப் பவுடராக இருந்ததைத் தண்ணீர் விட்டுக் கலக்கியது. அப்படிக் கலக்கிய சிரப் ஃபிரிட்ஜில் வைத்தாலும் பெரும்பாலும் ஏழு நாள்தான் தாங்கும், லேபிளிலேயே போட்டிருக்கும். மாதக்கணக்கில் நின்ற அரை பாட்டிலை உடனே ஒதுக்கிவிடுங்கள்.

டெல்லி இந்த விஷயத்தில் எங்கே நிற்கிறது

இந்தப் பழக்கத்துக்கு வீட்டை மட்டும் குற்றம் சொல்வது நியாயம் இல்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தைச் சேர்ந்த அனிதா கோத்வானியும் அவருடன் இருந்தவர்களும் 2007 டிசம்பர் முதல் 2008 நவம்பர் வரை டெல்லியில் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். சிக்கல் எதுவும் இல்லாத சளி, இருமல், தொண்டைவலி போன்ற சுவாசத் தொற்றோடு வந்தவர்களில், அரசு மருத்துவ நிலையங்களில் 45 சதவீதத்தினருக்கும் தனியார் கிளினிக்குகளில் 57 சதவீதத்தினருக்கும் குறைந்தது ஓர் ஆன்டிபயாட்டிக் எழுதப்பட்டிருந்தது. வீட்டு டப்பாவில் மிச்சம் சேர்வது இப்படித்தான். மருத்துவர் சளிக்கு எழுதியதைப் பார்த்தவர், அடுத்த சளிக்கு அதையே எடுக்கிறார். அவரைப் பொறுத்தவரை அது மருத்துவர் காட்டிய வழி.

2023 மார்ச்சில் ஹெச்3என்2 காய்ச்சல் பரவியபோது இந்திய மருத்துவச் சங்கம் ஓர் அறிக்கை விட்டது. காய்ச்சல் மூன்று நாளில் விட்டுவிடும், இருமல் மூன்று வாரம்வரை இருக்கலாம், இதற்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்றது. மக்கள் அசித்ரோமைசினும் அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டும் அளவு பாராமல் எடுத்து, கொஞ்சம் தேவலையானதும் நிறுத்திவிடுகிறார்கள் என்றும் அதில் சொல்லியிருந்தது. நம் உதாரணக் குடும்பத்தின் டப்பாவில் இருக்கும் அதே இரண்டு மருந்துகள்தான் அவை.

டெல்லியின் பெயரையே தாங்கிய ஓர் எதிர்ப்பு உண்டு. என்டிஎம்-1 என்பதில் 'என்டி' என்றால் நியூ டெல்லி. மருத்துவமனைகள் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பாபெனெம் மருந்துகளைச் சிதைத்துவிடும் ஒரு நொதி அது. அதன் பரவலை உலகுக்குச் சொன்ன 2010-ம் ஆண்டு லான்செட் தொற்றுநோய் இதழ்க் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த கார்த்திகேயன் குமாரசாமி. மறுவருடம் வெளியான இன்னொரு ஆய்வு, டெல்லியில் எடுத்த 50 குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் இரண்டிலும், தெருவில் தேங்கிய கசிவுநீர் மாதிரிகள் 171-ல் 51-லும் அந்த மரபணு இருந்ததாகச் சொன்னது. பெயரை வைத்து அப்போது பெரிய சண்டை நடந்தது. நமக்கு வேண்டியது பெயர்ச் சண்டை அல்ல. இரண்டு அசித்ரோமைசின் விழுங்கியதால் என்டிஎம் உருவானது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த மரபணுவைச் சுமக்கும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் இன்னும் பல மருந்துகளுக்கான எதிர்ப்பையும் சேர்த்தே சுமக்கின்றன. அப்படி ஒன்று தண்ணீர் வழியாக ஒருவர் குடலுக்குள் வந்திருந்தால், அவர் வேறெதற்கோ எடுக்கும் ஆன்டிபயாட்டிக் அதன் போட்டியாளர்களை அழித்து அதற்கு இடம் ஒதுக்கித் தருகிறது.

சட்டத்தில் தடை இருக்கிறது. ஆன்டிபயாட்டிக்கை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஹெச்1 பட்டியலின்படி, செஃபிக்சிம், லெவோஃப்ளாக்சசின் போன்றவற்றை விற்கும் கடைக்காரர் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்பதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். மாத்திரை அட்டையின் பின்புறம் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். சீட்டு இல்லாமல் எடுக்கக் கூடாத மருந்து என்பதற்கான அடையாளம் அது. 2016-ல் அதை விளக்கி அரசே பிரசாரம் செய்தது. ஆனால் இந்தச் சட்டமெல்லாம் கடைக் கவுண்டரோடு நின்றுவிடுகிறது. டப்பாவில் மீந்ததை யாரும் பதிவேட்டில் எழுதுவதில்லை. அங்கே காவல் நாம்தான்.

உண்மையிலேயே பாக்டீரியாவாக இருந்தால்

தொண்டைவலியில் ஒரு பகுதி பாக்டீரியாவால் வருவதுதான். முக்கியமானது ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ். தொண்டைவலியோடு வரும் குழந்தைகளில் ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம், பெரியவர்களில் 5 முதல் 15 சதவீதம் அதனால் வருகிறது. இதைச் சரியாகக் கவனிக்காவிட்டால், குறிப்பாகப் பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு, சில வாரம் கழித்து ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுக்கக்கூடும். நம் நாட்டில் அது இன்னும் ஒழியவில்லை. ஆகவே எல்லாத் தொண்டைவலியையும் அலட்சியப்படுத்தவும் முடியாது.

மருத்துவர் பார்ப்பது சில அடையாளங்களை: 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், இருமல் இல்லாமை, கழுத்தின் முன்பக்கம் தொட்டால் வலிக்கும் நெறிக்கட்டி, டான்சிலில் வெள்ளைப் படலம் அல்லது வீக்கம். வயது 3 முதல் 14-க்குள் என்றால் சந்தேகம் ஒரு படி கூடும். 45-ஐத் தாண்டினால் ஒரு படி குறையும். மூக்கு ஒழுகல், இருமல், குரல் கம்மல், கண் சிவப்பு எல்லாம் வைரஸ் பக்கம் சாயும். நம் உதாரணத்தில் வரும் கணவருக்கு மூக்கு ஒழுகுகிறது, காய்ச்சல் 100-தான். அடையாளங்கள் ஒன்றும் சேரவில்லை. அதே வாரம் எட்டு வயது மகளுக்கு 102 டிகிரி காய்ச்சல், இருமல் இல்லை, கழுத்தில் நெறிக்கட்டி, விழுங்க முடியாத வலி என்றால் அது வேறு கதை. அவளை மறுநாளே மருத்துவரிடம் காட்டி, தொண்டைச் சளியைத் துடைத்தெடுத்துச் செய்யும் பரிசோதனை வேண்டுமா என்று கேட்க வேண்டும்.

ஸ்ட்ரெப் என்று உறுதியானாலும் டப்பா உதவாது. அதற்கான முதல் மருந்து பென்சிலின் அல்லது அமாக்சிசிலின், எடைக்கு ஏற்ற அளவில், பத்து நாள். அல்லது மருத்துவர் போடும் ஒரு பென்சாத்தைன் பென்சிலின் ஊசி. நான்கு மாத்திரை மிச்சத்தால் இரண்டு நாள் வலி குறையும், பாக்டீரியா தொண்டையில் தங்கிவிடும், அதன் பிறகு எடுக்கும் பரிசோதனையும் ஸ்ட்ரெப் இல்லை என்று தவறாகக் காட்டக்கூடும். அசித்ரோமைசின் அங்கே பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கான மாற்று மட்டுமே. ஸ்ட்ரெப் அதற்கு அடங்காமல் போகும் வாய்ப்பும் அதிகம். இரவு பத்து மணிக்கு அவசரப்பட வேண்டியதும் இல்லை. தொண்டைவலி தொடங்கி ஒன்பது நாட்களுக்குள் பென்சிலின் ஆரம்பித்தாலே ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும். ஒரு நாள் பொறுத்து மருத்துவரைப் பார்க்க நேரம் இருக்கிறது.

மறைந்துபோகும் நோய்கள்

மிச்ச மாத்திரையில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான். தொண்டைக் கரகரப்பும் காய்ச்சலுமாகத் தொடங்கும் நோய் எல்லாம் சளி அல்ல. டைஃபாய்டில் முதல் சில நாள் காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமலாகத்தான் இருக்கும். அதை உறுதிசெய்வது ரத்தத்தில் பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை. இரண்டு நாள் ஆன்டிபயாட்டிக் எடுத்துவிட்டு ரத்தம் கொடுத்தால் பாக்டீரியா வளராமல் போகும் வாய்ப்பு கூடுகிறது. நோய் இருக்கும், ஆதாரம் இருக்காது, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்ற பட்டியலும் கிடைக்காது. பிறகு மருத்துவர் ஊகத்தில் வலுவான மருந்துக்குப் போகிறார்.

டப்பாவில் லெவோஃப்ளாக்சசின் போன்றவை இருந்தால் இன்னொரு ஆபத்து உண்டு. அது காசநோய்க்கு எதிராகவும் வேலை செய்யும் மருந்து, எதிர்ப்பு பெற்ற காசநோய்க்காக வைத்திருப்பது. விடாத இருமலுக்கு அதை ஒரு வாரம் எடுத்தால் காசநோய் சற்று ஒடுங்கி, நோய் கண்டுபிடிப்பு தள்ளிப்போகும். அந்த ஒரு மருந்துக்கு எதிர்ப்பும் முளைக்கலாம். இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலுக்கு டப்பாவைத் திறக்காதீர்கள். அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனை இலவசம்.

தொண்டை அடைப்பான் என்ற டிப்தீரியாவையும் மறக்க முடியவில்லை. 2018 செப்டம்பரில் கிங்ஸ்வே கேம்பில் உள்ள மகரிஷி வால்மீகி தொற்றுநோய் மருத்துவமனையில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அதனால் இறந்தார்கள். அதுவும் தொண்டைவலியாகத்தான் தொடங்குகிறது. பிறகு தொண்டையில் சாம்பல் நிறப் படலம், கழுத்து வீக்கம், மூச்சுத்திணறல். அதன் விஷத்தை முறிக்க எதிர்விஷ மருந்து வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும். ஆன்டிபயாட்டிக் மட்டும் போதாது. தடுப்பூசி போடாத அல்லது பாதியில் விட்ட குழந்தைக்குத் தொண்டைவலி என்றால் வீட்டு மாத்திரையில் போகும் ஒவ்வொரு நாளும் இழப்பு.

செய்ய வேண்டியது

முதல் மூன்று நாள்: அரை டீஸ்பூன் உப்பு போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் நாளைக்கு மூன்று நான்கு முறை கொப்பளிப்பது, ரசமோ கஞ்சியோ சூடாகக் குடிப்பது, பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் 500 அல்லது 650 ஆறு மணி நேர இடைவெளியில். கடையில் சளிக்கென்று தரும் கலப்பு மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கும். இரண்டையும் சேர்த்து எடுத்தால் கல்லீரலுக்குக் கேடு, அட்டையைப் படித்துவிட்டு எடுங்கள். ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தேன் இருமலைத் தணிக்கும்.

மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், ஒருமுறை தணிந்து மீண்டும் ஏறும் காய்ச்சல், உடம்பில் தடிப்பு இருந்தால் மருத்துவரிடம் போகலாம். எச்சில் விழுங்க முடியாமல் ஒழுகுவது, வாய் திறக்க முடியாதது, தொண்டையின் ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருப்பது, மூச்சுத்திணறல் இருந்தால் அதே மணி நேரத்தில் அவசரப் பிரிவு. அங்கே போகும்போது ஏற்கெனவே மிச்ச மாத்திரை எடுத்திருந்தால் மறைக்காதீர்கள். மருந்தின் பெயர், எத்தனை, எந்த நாள் எந்த நேரம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். பலரும் திட்டுவார்களோ என்று மறைத்துவிடுகிறார்கள். அந்தத் தகவல் இல்லாமல் ரத்தப் பரிசோதனையின் முடிவை மருத்துவரால் சரியாகப் படிக்க முடியாது.

மருத்துவர் ஆன்டிபயாட்டிக் எழுதினால் "இது எதுக்கு டாக்டர், எத்தனை நாள்?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. எதற்காக எழுதுகிறோம் என்பதைச் சீட்டிலேயே குறிப்பிட வேண்டும் என்று மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்ககம் 2024 ஜனவரியில் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. கடையில், எழுதிய நாட்களுக்கு எத்தனை மாத்திரையோ அத்தனை மட்டும் வாங்குங்கள். அட்டையை வெட்டிக் கொடுத்தால் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் துண்டை உங்கள் பக்கம் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் பில்லை அட்டையோடு ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள்.

மேசையில் கொட்டியவற்றுக்குத் திரும்புவோம். இரண்டு அசித்ரோமைசின், நான்கு 625, சிரப், பெயர் தெரியாத துண்டு, நான்கும் போக வேண்டியவைதான். கழிப்பறையில் கொட்டி ஊற்றாதீர்கள், அது கடைசியில் யமுனைக்குத்தான் போய்ச் சேரும். திடக்கழிவு விதிகளின்படி பழைய மருந்துகள் தனிக் கழிவு, ஈரக் குப்பையோடும் உலர் குப்பையோடும் சேரக் கூடாது. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, பயன்படுத்திய டீத்தூளோடு பிசைந்து, சிரப்பையும் அதிலேயே ஊற்றி, கசியாத கவரில் கட்டி, மேலே 'பழைய மருந்து' என்று இந்தியில் எழுதி, குப்பை எடுக்க வருபவர் கையில் தனியாகச் சொல்லிக் கொடுங்கள். முழு அட்டையாகப் போட்டால், குப்பையைக் கிளறிப் பிழைப்பவர் வீட்டில் அது இன்னொரு டப்பாவுக்குப் போய், இன்னொரு குழந்தையின் தொண்டைவலிக்கு எடுக்கப்படும்.